நிலையான வைப்பை இடையில் உடைத்தால் வட்டி ஏன் குறைகிறது: திருகோணமலை ரீச்சரின் பத்து இலட்சத்தை வைத்து ஒரு முழுக் கணக்கு

மாரி ஓய்ந்துகொண்டிருந்த ஒரு ஜனவரி மாலையில், உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மடித்த ஒரு வங்கித் தாளுடன் என் வீட்டு விறாந்தைக்கு வந்தார். நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட வங்கியில் வைப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்பது அயலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இப்படியான தாள்கள் இன்னும் என்னைத் தேடி வருவதுண்டு.

"தம்பி, நான் போட்டது பத்து இலட்சம். இதில ஒன்பது இலட்சத்துத் தொண்ணூறாயிரம் சொச்சம் எண்டு இருக்கு. வட்டி குறையும் எண்டு சொன்னவை, சரி. முதலுமா குறையும்?"

"முதல் குறையேல்ல, ரீச்சர். மாதாமாதம் உங்களுக்குத் தந்த வட்டியில கொஞ்சத்தைத் திருப்பி எடுத்திருக்கினம். இருங்கோ, கணக்குப் போட்டுக் காட்டுறன்."

அன்று பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நான் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கிளையின் பெயர் தேவையில்லை, ஏனெனில் அவர்கள் தங்கள் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள். ரீச்சருக்கு அந்த விதியை முன்கூட்டியே யாரும் எண்களில் காட்டவில்லை என்பதுதான் குறை. இங்கே வரும் வட்டி வீதங்கள் அந்த வைப்புக்கு உரியவை. உங்கள் வங்கியில் அவை வேறாக இருக்கும், ஆனால் கணக்கின் போக்கு பெரும்பாலும் இதுவேதான்.

கூடுதல் வட்டி எதற்காகத் தரப்படுகிறது

சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை நீங்கள் நாளைக்கே எடுக்கலாம். ஆகவே வங்கி அந்தப் பணத்தை நம்பி நீண்டகாலக் கடன் ஒன்றைக் கொடுக்கத் தயங்கும், அதற்குக் கொடுக்கும் வட்டியும் குறைவாகவே இருக்கும். நிலையான வைப்பில் நீங்கள் ஒரு வாக்குக் கொடுக்கிறீர்கள்: இந்தப் பணத்தை ஒரு வருடத்துக்குத் தொடமாட்டேன் என்கிறீர்கள். வங்கி அந்த வாக்கை நம்பி, கிண்ணியாவில் ஒருவருக்குப் படகு வாங்கவோ தம்பலகாமத்தில் ஒருவருக்கு உழவு இயந்திரம் வாங்கவோ அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்துவிடுகிறது. சேமிப்புக் கணக்கை விட நிலையான வைப்புக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வட்டி, பணத்துக்கான கூலி மட்டுமல்ல, அந்த வாக்குக்கான விலையும் அதில் அடங்கியிருக்கிறது.

ஏழாவது மாதத்தில் நீங்கள் வந்து பணத்தைக் கேட்டால், படகுக்காரரிடம் போய்க் கடனைத் திருப்பிக் கேட்க வங்கியால் முடியாது. வேறு வழியில் பணத்தைத் திரட்டி உங்களுக்குத் தரவேண்டும், சில வேளை கூடுதல் வட்டிக்கு. இதனால் இரண்டு வெவ்வேறு வெட்டுகள் விழுகின்றன. அவை ஒன்றாகவே விழுவதால் பலர் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலாவது வெட்டு நியாயம் பற்றியது. நீங்கள் ஒரு வருட வாக்குக் கொடுத்தீர்கள், ஆனால் காப்பாற்றியது ஏழு மாதம். ஆகவே ஒரு வருடத்துக்குரிய வீதம் உங்களுக்கு உரியதல்ல என்று வங்கி கூறுகிறது. ஏழு மாதத்துக்கென்று வைப்பு வகை ஏதும் இல்லாதபடியால், நீங்கள் முழுதாகக் கடந்த வகையான ஆறு மாத வைப்பின் வீதத்துக்கு உங்களை இறக்குகிறது. இரண்டாவது வெட்டு தண்டம். அந்த ஆறு மாத வீதத்திலிருந்து மேலும் ஒரு குறிப்பிட்ட அளவு, எங்கள் உதாரணத்தில் 1 சதவீதம், கழிக்கப்படுகிறது. வங்கிக்கு ஏற்படும் சிரமத்துக்காகவும், சிறு காரணங்களுக்காக வைப்புகளை உடைப்பதைத் தடுக்கவும் இது வைக்கப்பட்டுள்ளது.

எல்லா வங்கிகளும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. சில வங்கிகள் சேமிப்புக் கணக்கின் வட்டியை மட்டுமே தரும், சில தண்டம் கழிக்காமல் வீதத்தை மட்டும் இறக்கும், தொடக்க மாதங்களில் உடைத்தால் வட்டியே தராத வங்கிகளும் உண்டு. ஆகவே கணக்குப் போடும் முன் உங்கள் வைப்புச் சான்றிதழின் பின்புறத்தையோ, வைப்பு ஆரம்பிக்கும்போது கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நிபந்தனைகளையோ வாசிக்க வேண்டும். பொடி எழுத்தில் இருந்தாலும் அது அங்கேதான் இருக்கும்.

முதற்படி: நான்கு விபரங்களைச் சேர்த்தல்

கிளைக்குப் போகும் முன் நான்கு விபரங்கள் கையில் இருக்க வேண்டும். வைப்பு ஆரம்பித்த திகதி, ஒப்பந்த வீதம், வட்டி மாதாமாதம் பெறப்படுகிறதா முதிர்வில் பெறப்படுமா என்பது, இடையில் உடைப்பதற்கான விதி ஆகியவையே அவை. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதைக் கிளையில்தான் கேட்க முடியும்: வைப்பு ஆரம்பித்த நாளன்று மூன்று மாத வைப்புக்கும் ஆறு மாத வைப்புக்கும் அந்த வங்கி அறிவித்திருந்த வீதங்கள். இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். நான் அறிந்த விதிகளில் பெரும்பாலானவை, உடைக்கும் நாளில் பலகையில் தொங்கும் இன்றைய வீதத்தை எடுப்பதில்லை. பணம் போட்ட அன்றைய வீதத்தையே எடுக்கின்றன. இருந்தாலும் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் வீதங்கள் வேகமாக மாறும் காலத்தில் இந்த ஒரு விடயமே கணக்கைத் தலைகீழாக்கும்.

ரீச்சரின் விபரங்கள் இவை. 2025 ஜூன் 2 அன்று ரூபா 1,000,000 போட்டார். தவணை 12 மாதம், வட்டி மாதாமாதம், வீதம் ஆண்டுக்கு 8.4 சதவீதம். அன்றைய ஆறு மாத வீதம் 7.5, மூன்று மாத வீதம் 7.0. விதி: மூன்று மாதம் நிறையும் முன் உடைத்தால் வட்டி இல்லை, அதன் பின் உடைத்தால், முழுதாகக் கடந்த தவணையின் வீதத்தில் 1 சதவீதம் கழித்து, வைப்பில் இருந்த நாட்களுக்கு வட்டி. அவர் உடைத்தது 2026 ஜனவரி 12. மழையில் ஒழுகத் தொடங்கிய கூரையை மாற்ற மூன்று இலட்சம் தேவைப்பட்டது.

இரண்டாம் படி: நாட்களை எண்ணுதல்

மாதங்களில் எண்ணாமல் நாட்களில் எண்ணுங்கள். ஜூன் 2 இலிருந்து டிசம்பர் 2 வரை 183 நாட்கள், ஜனவரி 2 வரை 214, ஜனவரி 12 வரை 224. ஆறு மாதம் கடந்துவிட்டது, அடுத்த தவணையான பன்னிரண்டு மாதம் வரவில்லை. ஆகவே அவருக்குப் பொருந்தும் அடிப்படை வீதம் 7.5 சதவீதம்.

தவணை எல்லையின் அருகில் நின்றால் ஓரிரு நாள் பொறுப்பது எவ்வளவு பெறுமதி என்பதை ரீச்சருக்கு இப்படிக் காட்டினேன். அவர் நவம்பர் 30 அன்றே உடைத்திருந்தால், ஆறு மாதம் நிறையாதபடியால் மூன்று மாத வீதமான 7.0 இல் 1 கழித்து 6 சதவீதம், 181 நாட்களுக்கு: ரூபா 29,753. இரண்டே நாள் பொறுத்து டிசம்பர் 2 அன்று போயிருந்தால், 7.5 இல் 1 கழித்து 6.5 சதவீதம், 183 நாட்களுக்கு: ரூபா 32,589. இரண்டு நாளுக்கு ஏறத்தாழ 2,836 ரூபா வித்தியாசம். அவசரம் இல்லாத தேவையென்றால் இந்த எல்லைகளைப் பார்த்துத் திகதியைத் தெரிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: உங்களுக்கு உண்மையில் உரிய வட்டி

எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம்தான்.

```
வட்டி = முதல் × வீதம் × நாட்கள் ÷ 365
```

ஒப்பந்த வீதமான 8.4 இல் 224 நாட்களுக்கு வட்டி ரூபா 51,550.68. தண்டம் கழித்த 6.5 இல் அதே 224 நாட்களுக்கு ரூபா 39,890.41. இரண்டுக்கும் இடையிலான 11,660 ரூபாதான் வைப்பை உடைத்ததன் உண்மையான விலை.

அந்த 11,660 ரூபாவை இரண்டாகப் பிரித்தால் முன்பு கூறிய இரண்டு வெட்டுகளும் வெளியே தெரியும். வீதம் 8.4 இலிருந்து 7.5 ஆக இறங்கியதால் போனது 5,523 ரூபா. அதன் மேல் 1 சதவீதத் தண்டத்தால் போனது 6,137 ரூபா. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. "தண்டம் ஒரு வீதம்தானே" என்று கிளையில் சொல்லும்போது, முதற்பாதி பேச்சில் வருவதேயில்லை. யாரும் ஒளிப்பதாக நான் சொல்லவில்லை, மேசைக்கு இந்தப் பக்கமிருந்து நானும் வருடக்கணக்காக அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்த "ஒரு வீதம்" என்பதிலேயே ஒரு குழப்பம் உண்டு. சிலர் அதை வைப்புத் தொகையில் ஒரு சதவீதம் என்று எண்ணிப் பத்தாயிரம் ரூபா போய்விடும் என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர் கிடைத்த வட்டியில் ஒரு சதவீதம் என்று எண்ணி, நாற்பத்தொன்பதாயிரத்துக்கு 490 ரூபாதானே என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. குறைவது ஆண்டு வட்டி வீதத்தில் ஒரு அலகு, அதாவது 7.5 என்பது 6.5 ஆகிறது. அதனால் தண்டத்தின் தொகை நாட்களோடு வளர்கிறது. நூறாவது நாளில் உடைப்பவரை விட முன்னூறாவது நாளில் உடைப்பவர் ரூபாவில் கூடுதலாக இழக்கிறார். முதிர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வைப்பை உடைக்க வந்தவர்களை நான் ஏன் இரண்டு தடவை கேட்டேன் என்பதற்கும் இதுவே காரணம்.

நான்காம் படி: ஏற்கனவே வாங்கிய வட்டியைக் கழித்தல்

ரீச்சரின் தாளில் முதல் குறைந்ததுபோல் தெரிந்தது இந்த இடத்தில்தான். அவர் மாதாமாதம் வட்டி பெற்றவர். 8.4 சதவீதத்தில் பத்து இலட்சத்துக்கு ஒரு மாத வட்டி 7,000 ரூபா. (நாட்கணக்கில் பார்க்கும் வங்கியில் 30 நாள் மாதத்துக்கும் 31 நாள் மாதத்துக்கும் சிறு வித்தியாசம் இருக்கும். இங்கே எல்லா மாதத்துக்கும் சமமாக எடுத்திருக்கிறேன்.) ஜனவரி 2 வரை ஏழு தடவை கொடுத்தாயிற்று, மொத்தம் 49,000 ரூபா. ஆனால் அவருக்கு உரியது 39,890.41 மட்டுமே. ஆகவே 9,109.59 ரூபா கூடுதலாகக் கொடுக்கப்பட்டுள்ளது. அந்த வட்டியை ரீச்சர் மீனுக்கும் மருந்துக்கும் செலவழித்துவிட்டார், வங்கிக்கு அதை எடுக்க இருக்கும் ஒரே இடம் முதல். பத்து இலட்சத்திலிருந்து அதைக் கழித்தால் 990,890.41 ரூபா. தாளில் இருந்த எண் இதுதான், சதம் பிசகாமல்.

முதிர்வில் வட்டி பெறும் வைப்பாக இருந்திருந்தால் இதே இழப்பு வேறு தோற்றத்தில் வந்திருக்கும். பத்து இலட்சம் முழுதாகவும் அதன் மேல் குறைந்த வட்டியும் கிடைத்திருக்கும், யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். மாத வட்டியை நம்பிச் சீவிப்பவர்களுக்கே இந்த அதிர்ச்சி வருகிறது. ஆகவே மாத வட்டி வைப்பை உடைக்கும் முன், "கையில் எவ்வளவு வரும்" என்று மட்டும் கேட்காமல், "ஏற்கனவே தந்த வட்டியில் எவ்வளவு திருப்பி எடுக்கப்படும்" என்றும் தனியாகக் கேளுங்கள்.

வரி என்ற சிறிய முள்

வைப்பு வட்டியில் வங்கி பிடித்துக்கொள்ளும் நிறுத்திவைத்தல் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம். அதற்கு முன் 5 சதவீதமாக இருந்தது. ரீச்சருக்கு மாதம் 7,000 எழுதப்பட்டாலும் சேமிப்புக் கணக்கில் விழுந்தது 6,300 ரூபாதான். ஏழு மாதத்தில் 4,900 ரூபா இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டது. இப்போது அவருடைய வட்டி 39,890.41 ஆகக் குறைக்கப்பட்டால், அதற்குரிய வரி 3,989.04 மட்டுமே. ஆனால் வங்கி திருப்பி எடுத்தது 9,109.59, அதாவது வரி கழிக்காத தொகை. அவர் கையில் ஒருபோதும் வராத 910.96 ரூபாவும் அதற்குள் அடங்கிவிட்டது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. திருப்பி எடுக்கும் வட்டிக்குரிய வரியைச் சீர்செய்து தருவார்களா என்று கிளையில் கேட்கலாம். தராவிட்டால், வரி பிடித்ததற்கான சான்றிதழை வாங்கி, வரித் திணைக்களத்தில் மீளக் கோரலாம். தொகை சிறிது என்று விட்டுவிடுபவர்களே அதிகம், ஒரு கோடி வைத்திருப்பவருக்கு இது ஒன்பதாயிரம் ரூபாவாகும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்கமாட்டார்கள். அதைத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் ரீச்சருக்கு இந்த முள் குத்தியிருக்காது.

ஐந்தாம் படி: உடைப்பதா, வைப்பின் மேல் கடன் எடுப்பதா

வழிகாட்டி என்ற பெயரில் நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். நிலையான வைப்பை உடைக்காமல், அதைப் பிணையாக வைத்து அதே கிளையில் கடன் பெறலாம். வழக்கமாக வைப்பின் 90 சதவீதம் அளவுக்குத் தருவார்கள். கடனுக்கான வட்டி, உங்கள் வைப்பு வீதத்தை விடச் சில அலகுகள் கூடுதலாக இருக்கும். ரீச்சரின் கிளையில் அது இரண்டு, ஆகவே கடன் வட்டி 10.4 சதவீதம். உத்தரவாதி தேவையில்லை, பெரும்பாலும் அன்றே பணம் கிடைக்கும்.

"பத்து வீதத்துக்கு மேல வட்டி கட்டவா? என்ர காசை வைச்சுக்கொண்டு நான் ஏன் கடன் எடுக்க வேணும்?" என்று ரீச்சர் கேட்டார். எல்லோரும் கேட்பது இதுதான். கணக்கு என்ன சொல்கிறதென்று பார்ப்போம். ஜனவரி 12 இலிருந்து முதிர்வான ஜூன் 2 வரை 141 நாட்கள். தேவை மூன்று இலட்சம்.

கடன் வழியில், பத்து இலட்சமும் தொடர்ந்து 8.4 சதவீதத்தில் இருக்கும், 141 நாட்களில் 32,449 ரூபா உழைக்கும். மூன்று இலட்சக் கடனுக்கு 10.4 சதவீதத்தில் 12,053 ரூபா வட்டி போகும். மிச்சம் 20,396 ரூபா. உடைக்கும் வழியில், 11,660 ரூபா உடனே போகிறது. கூரைக்கு மூன்று இலட்சத்தை எடுத்தபின் மிஞ்சும் 690,890 ரூபாவை மீண்டும் 7 சதவீதத்தில் போடலாம் என்று வைத்துக்கொண்டால், 141 நாட்களில் அது 18,682 ரூபா தரும். மிச்சம் 7,022 ரூபா. கடன் எடுத்திருந்தால் ரீச்சர் 13,374 ரூபா கூடுதலாக வைத்திருந்திருப்பார். வரியைச் சேர்த்தால் எண்கள் சிறிது மாறும், முடிவு மாறாது.

இதிலிருந்து ஒரு அளவுகோல் பிறக்கிறது. உடைப்பதன் விலை, கடந்துபோன நாட்களின் மேல் விழுகிறது, அதுவும் வைப்பு முழுவதன் மேலும். கடனின் விலை, மிஞ்சியிருக்கும் நாட்களின் மேல் விழுகிறது, எடுத்த தொகையின் மேல் மட்டும். ஆகவே நாட்கள் அதிகம் கடந்து, தேவை வைப்பை விடச் சிறிதாக இருந்தால் கடன் வெல்லும். வைப்பு புதிது, தேவை ஏறத்தாழ முழுத்தொகை என்றால் உடைப்பதே வெல்லும்.

இரண்டாவது வகைக்கு ஓர் உதாரணம் பாருங்கள். அதே பத்து இலட்சம், நாற்பதாவது நாள், தேவை ஒன்பது இலட்சம். உடைத்தால் மூன்று மாதம் நிறையாதபடியால் வட்டி முழுவதும் போகும், அது 9,205 ரூபா. கடன் எடுத்தால் மிஞ்சிய 325 நாட்களுக்கு ஒன்பது இலட்சத்தின் மேல் இரண்டு அலகு வித்தியாசம் 16,027 ரூபா. இங்கே உடைப்பதே மலிவு. ஆனால் அந்தக் கடனை நாலு மாதத்தில் திருப்பிக் கட்ட முடியும் என்றால் கணக்கு மீண்டும் கடனின் பக்கம் சாயும். ஆகவே "எவ்வளவு தேவை" என்பதோடு "எத்தனை நாளுக்குத் தேவை" என்பதையும் எழுதிக்கொண்டு கிளைக்குப் போங்கள். பெரும்போக அறுவடை நெல்லை விற்றதும் மார்ச்சில் கட்டிவிடலாம் என்று ஜனவரியில் வந்து கேட்ட தம்பலகாமம் விவசாயிகளுக்கு நான் ஒருநாளும் வைப்பை உடைத்துக் கொடுத்ததில்லை, கடன் படிவத்தைத்தான் நீட்டினேன்.

உடைப்பது இலாபமாகும் அரிய காலம்

இழப்பு மட்டுமே உண்டு என்றும் சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீத அலகுகள் உயர்த்தியது. அந்த வருடத்தின் பிற்பகுதியில் ஒரு வருட வைப்புகளுக்கு இருபது சதவீதத்துக்கு மேல் தருகின்ற வங்கிகள் இருந்தன. ஜனவரியில் பத்து இலட்சத்தை 6 சதவீதத்துக்குப் போட்டவர் தொண்ணூறாவது நாளில் உடைத்து, அதுவரையான வட்டி முழுவதையும் இழந்தாலும், இழப்பு 14,795 ரூபாதான். மிஞ்சிய 275 நாட்களுக்கு 18 சதவீதத்தில் போட்டிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருப்பது 90,411 ரூபா. அப்போது கிளை வாசலில் வரிசையில் நின்றவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். வீதங்கள் இறங்கும் காலத்தில் இது நேர் எதிராகும்: பழைய உயர்ந்த வீதத்தில் இருக்கும் சான்றிதழை உடைத்தால் அதே வீதம் மீண்டும் கிடைக்காது.

தானாகப் புதுப்பிக்கப்படும் வைப்பு

இதில் நானே ஒருமுறை அகப்பட்டேன், அதுவும் ஓய்வுபெற்ற பிறகு. வேறொரு வங்கியில் இருந்த என் வைப்பு முதிர்ந்த நாளில் நான் கொழும்பில் மகளோடு நின்றுவிட்டேன். திரும்பிவந்து பதினோராவது நாள் கிளைக்குப் போனபோது, அது முதிர்வு நாளிலேயே இன்னொரு வருடத்துக்குத் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. படிவத்தில் அப்படிச் செய்யும்படி கையெழுத்து வைத்திருந்தது நான்தான். அந்த நாளில் பணத்தை எடுத்தால் அது புதிய வைப்பைப் பதினோராவது நாளில் உடைத்ததாகவே கணக்கிடப்படும். முந்திய வருட வட்டிக்குச் சேதமில்லை, ஆனால் பதினொரு நாளுக்கும் ஒரு சதம் கிடைக்கவில்லை. புதுப்பித்த பின் சில நாட்களுக்குள் வந்தால் தண்டமின்றி விடும் சலுகை சில வங்கிகளில் உண்டு. எத்தனை நாள் என்பதைச் சான்றிதழை வாங்கும்போதே கேட்டு அதன் மேல் பென்சிலால் குறித்து வையுங்கள்.

கிளையில் நடக்கவேண்டியது

அசல் வைப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும். கூட்டு வைப்பாக இருந்தால், ஒருவர் தனியே உடைக்க அனுமதி உண்டா அல்லது எல்லோரும் கையெழுத்திட வேண்டுமா என்பதைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பெயரும் சேர்ந்திருக்கும் வைப்புகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு, அவசரத்தில் அங்கேதான் வேலை நின்றுபோகும்.

கையெழுத்திடும் முன் கணக்கை எழுத்தில் கேளுங்கள். அதில் நாட்களின் எண்ணிக்கை, எடுத்துக்கொண்ட அடிப்படை வீதம், கழித்த தண்டம், ஏற்கனவே கொடுத்த வட்டி, திருப்பி எடுக்கும் தொகை, வரி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். மேலே உள்ள சூத்திரத்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு ரூபா வித்தியாசம் ஒரு நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதால் வரலாம். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் தவறான தவணை வீதம் எடுக்கப்பட்டிருக்கும், அல்லது பணம் போட்ட நாளின் வீதத்துக்குப் பதிலாக இன்றைய வீதம் எடுக்கப்பட்டிருக்கும். உத்தியோகத்தரிடம் அந்த நாளின் வீத அறிவித்தலைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் முகாமையாளருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், அதன் பின்னும் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போகலாம். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று திருகோணமலையிலும் இருக்கிறது.

ரீச்சரின் கணக்கில் பிழை ஏதும் இருக்கவில்லை. மிஞ்சிய 690,890 ரூபாவை மறுநாள் திரும்பப் போடப் போகும்போது, ஒரே சான்றிதழாகப் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். முதலில் போட்ட பத்து இலட்சம் இரண்டரை இலட்சம் வீதம் நாலு சான்றிதழாக இருந்திருந்தால், கூரைக்கு இரண்டை உடைத்திருந்தாலே போதும், 11,660 ரூபா இழப்புப் பாதியாக, 5,830 ரூபாவாக நின்றிருக்கும். அவர் மூன்றாகப் போட்டுவந்தார், மூன்றுக்கும் முதிர்வுத் திகதி வேறு வேறு. சுய பிரகடனப் படிவத்தையும் அன்றே கொடுத்துவிட்டார். நாட்காட்டித் தாளை என்னிடமிருந்து வாங்கிச் சான்றிதழ்களோடு சேர்த்து ஊசி குத்தி வைத்திருக்கிறாராம்.